தீபாவளி போனஸ், விடுமுறை

திருப்பூர் ஆலையில் வேலை செய்யும் அனைவருக்கும் வணக்கம். உங்களுக்கும் வீட்டில் உள்ளவர்களுக்கும் தீபாவளி வாழ்த்துகள்.

முதலில் போனஸ். சட்டப்படி குறைந்தபட்சம் 8.33 சதவீதம். இந்த ஆண்டு 12 சதவீதம் தருகிறோம். பீஸ் ரேட்டில் தைப்பவர்களுக்கும் உண்டு. வரும் வெள்ளிக்கிழமை காலை வங்கிக் கணக்கில் ஏறிவிடும். ஏறாவிட்டால் அன்றே சம்பளப் பிரிவில் சொல்லுங்கள். பணம் கைக்கு வராமல் யாரும் ஊருக்குப் புறப்படக் கூடாது.

ஆகஸ்டில் குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டரில் கழுத்து ரிப் சுருங்குமோ என்று சந்தேகப்பட்டவர்கள் செக்கிங் பிரிவுப் பெண்கள். ஒரு பீஸை வாளித் தண்ணீரில் அலசி, காயவைத்து, மேசையில் கொண்டுவந்து வைத்தார்கள். தலை நுழையாத அளவுக்குக் கழுத்து இறுகியிருந்தது. அவர்கள் பேசாமல் பாஸ் செய்திருந்தால் சரக்கு முழுவதும் கப்பலேறித் திரும்பியிருக்கும். அப்புறம் ரிப்பை மாற்றி, இரவு ஷிப்டிலும் தைத்து, தேதிக்குள் முடித்துக் கொடுத்தீர்கள். அந்த ஆர்டர் கையில் நின்றதால்தான் 12 என்று எழுத முடிகிறது. நன்றி.

விடுமுறை ஐந்து நாள். ஒடிசா, பீகார் செல்பவர்களுக்கு ரயிலிலேயே பல நாள் போய்விடும் என்பதால் பன்னிரண்டு நாள். அவர்களுக்காக இந்தக் கடிதம் ஒடியாவிலும் இந்தியிலும் விடுதியில் ஒட்டப்படும். ஊருக்குப் போகாமல் விடுதியில் தங்குபவர்களுக்கு மூன்று வேளையும் மெஸ் நடக்கும். தீபாவளியன்று மதியம் பிரியாணி.

நிர்வாக இயக்குநர்