31-32: நேத்து ஆடுன நம்ம தம்பிங்களுக்கு

தம்பிகளா, முதல்ல நன்றி. பத்து பேருக்கும் நன்றி, உள்ள ஆடுன ஏழு பேருக்கு மட்டும் இல்ல, வெளிய டவலும் தண்ணியும் வச்சிக்கிட்டு தொண்ட கட்டுற அளவுக்குக் கத்துன மூணு பேருக்கும் சேத்துத்தான் சொல்றேன். நேத்து நைட்டு தேவிபட்டினத்துல இருந்து மண்டபம் வர்ற வரைக்கும் வண்டில ஒருத்தனும் வாயத் திறக்கல, உச்சிப்புளில டீக்கு நிப்பாட்டுனப்பக் கூட பாதிப்பேரு இறங்கல. அந்த நேரத்துல நான் என்ன சொன்னாலும் உங்க காதுல ஏறாதுன்னுதான் பேசாம வந்தேன். இப்ப தூங்கி எந்திரிச்சிருப்பீங்க, நிதானமா படிங்க.

கபடி செமி ஃபைனல்ல ஒரு பாயிண்ட்ல தோத்தது வலிக்கும்தான், வலிக்கலன்னா ஆட்டத்துல நீங்க இல்லன்னு அர்த்தம். ஆனா எந்த டீம்கிட்ட எந்த நிலைமையில இருந்து அந்த ஒரு பாயிண்ட் வரைக்கும் வந்தீங்கன்னு ஒரு தடவ யோசிச்சுப் பாருங்கப்பா. அவங்க டீம்ல பாதிப்பேரு ஹாஸ்டல்ல தங்கி காலைலயும் சாயங்காலமும் மேட்ல பயிற்சி எடுக்குற பசங்க. நம்ம பசங்க கடக்கர மணல்ல வெறுங்கால்ல ஆடி வளந்தவங்க, நேத்துதான் முதல் தடவையா மேட்ல ஷூ போட்டு இறங்குனீங்க, அதுலயும் ரெண்டு பேருக்கு ஷூ இரவல். முதல் பாதி முடியிறப்ப 11-19. ஆல் அவுட்டும் ஆயிருச்சு. எனக்குப் பின்னாடி உக்காந்திருந்த ஒரு பெரியவரு "மண்டபம் டீம் அம்புட்டுத்தாண்டா"ன்னு எந்திரிச்சுக் கெளம்பிட்டாரு. ரெண்டாவது பாதில நீங்க எடுத்தது 20, அவங்க எடுத்தது 13. அந்தப் பெரியவரு எங்கயோ பாதி வழில சத்தத்தக் கேட்டுட்டுத் திரும்ப வந்து கடைசி வரைக்கும் நின்னு பாத்தாரு.

இப்ப குட்டிக்கு. குட்டி, நீ வண்டில கடைசி சீட்ல மூஞ்சிய மூடிக்கிட்டு வந்தத நான் பாத்தேன். கடைசி ரெய்டு உன்னோடதுங்கிறதால தோல்வியும் உன்னோடதுன்னு நெனச்சிக்கிட்டு இருக்க. அது தப்பு. அந்த ரெய்டுக்கு முன்னாடி நாப்பது நிமிசம் ஆட்டம் நடந்துருக்கு, எல்லாரும்தான் பாயிண்ட் எடுத்தாங்க, எல்லாரும்தான் விட்டாங்க. முதல் பாதில நாம விட்ட எட்டுப் பாயிண்ட்டுல உன் பங்கு என்ன? நீ அப்ப உள்ளயே இல்லடா, பெஞ்சுல உக்காந்திருந்த.

அப்புறம் நீ எடுத்த முடிவும் சரியான முடிவு, அத நான் யாருகிட்ட வேணாலும் சொல்லுவேன். 31-32, அவங்க ஆறு பேரு நிக்கிறாங்க, ஆறு பேரு நின்னா போனஸ் உண்டு, ரெண்டு கார்னரும் நல்லா உள்ள இறங்கி செயின் போட்டு நிக்குது, அந்த இடத்துல கைய நீட்டித் தொடப் போயிருந்தா இடுப்பப் புடிச்சு உக்கார வச்சிருப்பாங்க. போனஸுக்குப் போனதுதான் புத்தி. கெடச்சிருந்தா 32-32, டை ஆகி அஞ்சு அஞ்சு ரெய்டுக்குப் போயிருக்கும். முன்னங்கால் போனஸ் கோட்ட தாண்டிருச்சு, பின்னங்கால் மேட்ட விட்டு எந்திரிக்கலன்னு நடுவர் கைய ஆட்டிட்டாரு. நான் அந்தப் பக்கத்துலதான் நின்னேன், ஷூவோட முன்பக்கம் மேட்ல ஒட்டுனத நானும் பாத்தேன். மணல்ல ஆடுறப்ப பின்னங்கால் லேசா இழுபட்டுப் போகும், யாருக்கும் தெரியாது, நமக்கும் அது பழக்கமாயிருச்சு. மேட்ல ரப்பர் சோல் புடிச்சு நிறுத்திரும், கால மொத்தமா தூக்கியே ஆகணும். இது உன் தைரியத்துல உள்ள குறை இல்ல தம்பி, மேட்ல ஒரு மாசம் ஓடுனா சரியாப் போற விசயம். அதனால நடுவர யாரும் திட்ட வேணாம். அவரு பக்கத்துல இருந்து பாத்து சொன்னாரு, சரியாத்தான் சொன்னாரு.

பதினேழு வயசுல, அம்புட்டுக் கூட்டம் கத்தும்போது, முப்பது செகண்டு இருக்குற ரெய்டுக்கு "நான் போறேன்"னு நீயா கேட்டு இறங்குனியே, அதுக்கு உனக்குத் தனியா ஒரு நன்றி. கேப்டன் உன் முதுகுல தட்டி அனுப்புனான், ரெய்டு முடிஞ்சதும் முதல்ல ஓடி வந்து தூக்கி விட்டதும் அவன்தான். அத மறக்காத.

லெஃப்ட் கார்னர் மாப்ளய பத்தி சொல்லாம விட்டா எனக்கு சோறு எறங்காது. ரெண்டாவது பாதில நம்ம ஆளு மூணே பேரு நின்னப்ப, அவங்க மெயின் ரெய்டர், அந்த நெட்டையான பையன், அதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் மாட்டல, ரன்னிங் ஹேண்ட் டச்ல வந்து வந்து அள்ளிட்டுப் போயிக்கிட்டு இருந்தான். நீ அவசரப்படவே இல்ல. அவன் ரெண்டு தடவ கால நீட்டி ஆசை காட்டுனான், நீ அசையல. மூணாவது தடவ வலது கால் எடையோட கீழ இறங்குச்சு பாரு, அந்த நொடில ரெண்டு கையாலயும் கணுக்கால்ல விழுந்த, அவன் உன்னையும் சேத்து இழுத்துக்கிட்டு நடுக்கோட்டப் பாத்துப் போறான், முழங்கையில தோல் உரிஞ்சு மேட்டெல்லாம் ரத்தம், கைய விடல. கவர்ல இருந்து கேப்டன் வந்து இடுப்ப அடைச்சான். சூப்பர் டேக்கிள், ரெண்டு பாயிண்ட். நம்ம பக்கம் ஆட்டம் திரும்புனது அங்கதான். இதே மாதிரி இன்னொன்னு அடுத்த அஞ்சு நிமிசத்துல. மேட்ச் முடிஞ்சதும் அவங்க கோச் என்கிட்ட வந்து "அந்த லெஃப்ட் கார்னர் பையன் எங்க படிக்கிறான்"னு கேட்டாரு. படிக்கல சார், நாட்டுப்படகுல நண்டு வலைக்குப் போறான், இன்னைக்கு காலைல கூட கடலுக்குப் போயிட்டுத்தான் வந்திருக்கான்னு சொன்னேன். அவரு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல.

அதத்தான் ஊருல பேசணும். மீன்பிடித் தடைக்காலம் வந்தா விசைப்படகு பசங்களுக்கு லீவு, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் படகெல்லாம் கரையில, ஆனா நாட்டுப்படகு பசங்களுக்கு லீவு எங்க இருக்கு? நம்ம டீம்ல நாலு பேரு விடியக்காலைல கடலுக்குப் போயி, வந்து வலை பிரிச்சு, ரெண்டு மணி நேரம் படுத்து எந்திரிச்சு சாயங்காலம் கிரவுண்டுக்கு வந்தீங்க. ஐஸ் கம்பெனில வேலை பாக்குற தம்பி ஷிப்ட்ட மாத்தி மாத்தி ஒரு நாள் கூட பயிற்சிய விடல. கச்சான் காத்துல மணல் மூஞ்சில அடிக்க அடிக்க ஆடுனீங்க. முன்னாடி இருந்த டீம்லயும் நான் ஆடிருக்கேன், இப்படி ஒரு ஒழுங்கு எங்ககிட்ட இருந்ததில்ல.

கேப்டனுக்கு ஒரு வார்த்தை. தொடையில பிடிப்பு வந்து கால ஊன முடியாம நின்னது எனக்குத் தெரியும், வெளிய வான்னு சைகை காட்டுனேன், நீ தலைய ஆட்டிட்டு அடுத்த ரெய்டுக்குப் போன. அது எனக்குப் பிடிச்சது இல்ல, ஒடம்ப அப்படி வச்சு வெளையாட வேணாம், அடுத்த தடவ நான் கூப்பிட்டா வெளிய வரணும். ஆனா தோத்ததும் நீ நேரா போயி அவங்க ஏழு பேருக்கும் கை குடுத்த, நடுவருக்கும் குடுத்த, நம்ம பசங்கள்ல ஒருத்தன் கத்த ஆரம்பிச்சப்ப வாயப் பொத்தி இழுத்துட்டு வந்த. எனக்கு அந்த இடத்துல நெஞ்சு நெறஞ்சுருச்சுடா.

ஒரு பாயிண்ட்ட பத்தி சொல்றேன் கேளுங்க. 2018 ஏசியன் கேம்ஸ், ஜகார்த்தா. நம்ம இந்தியா பொம்பளப் புள்ளைங்க கபடி டீம் ஃபைனல்ல ஈரான்கிட்ட 24-27ல தோத்தாங்க. ஆம்பளைங்க டீம் அதுக்கு முன்னாடி செமிலயே அதே ஈரான்கிட்ட 18-27 தோத்துட்டாங்க, 1990ல இருந்து ஏசியன் கேம்ஸ்ல வேற யாருக்கும் தங்கம் விடாத டீம் அது. நாடே திட்டுச்சு. அடுத்த ஏசியன் கேம்ஸ் 2023ல ஹாங்சோல நடந்துச்சு, பொம்பளப் புள்ளைங்க ஃபைனல்ல சைனீஸ் தைபே கூட ஆடி 26-25ல ஜெயிச்சாங்க. ஒரே ஒரு பாயிண்ட்டு. ஆம்பளைங்களும் ஈரான ஜெயிச்சு தங்கத்த வாங்குனாங்க. நேத்து நமக்கு எதிரா விழுந்த அதே ஒரு பாயிண்ட்டுதான் அந்தப் புள்ளைங்களுக்கு சாதகமா விழுந்துச்சு, நடுவுல அஞ்சு வருசம் உழைச்சிருக்காங்க, அம்புட்டுதான் வித்தியாசம். நமக்கு அஞ்சு வருசம்லாம் வேணாம்.

ஊருக்குள்ள ரெண்டு பேரு எதாவது சொல்லுவாங்க, "சின்னப் பயல ஏன் கடைசியா அனுப்புனீங்க"ன்னு. யாரும் பதில் சொல்லி சண்டைக்குப் போகாதீங்க, என்கிட்ட அனுப்பி விடுங்க, நான் பேசிக்கிறேன். நேத்து வண்டி வாடகை வாங்க மாட்டேன்னு சொன்ன குட்டியானை டிரைவர் அண்ணனும், இருபது பேருக்கு மேல வரும்னு தெரிஞ்சும் மீன்கொழம்பு வச்சு பாத்திரத்தோட குடுத்து விட்ட நம்ம ரைட் கார்னரோட அம்மாவும் இந்த டீம்தான். அக்கா, உங்க குழம்பு மேட்ச்சுக்கு முன்னாடியே தீந்துருச்சு, பாத்திரம் என் வீட்டுல இருக்கு, சாயங்காலம் கொண்டாந்து தர்றேன்.

இனி நடக்க வேண்டியது. மூணு நாள் யாரும் ஓட வேணாம், கேப்டன் ஒரு வாரம். முழங்கை கிழிஞ்ச மாப்ள இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயி டிடி ஊசி போட்டுக்க, அந்தப் புண்ணோட நண்டு வலைல கை வைக்காத, உப்புத்தண்ணி பட்டா ஆறிரும்னு சொல்றத கேக்காத. ஜூன் முதல் வாரம் கீழக்கரைப் பக்கம் ஒரு டோர்னமெண்ட் இருக்கு, அதுவும் மேட்தான், தடைக்காலம் முடியுறதுக்கு முன்னாடிங்கிறதால விசைப்படகு தம்பிங்களும் வந்துரலாம். நான் ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி ஸ்டேடியத்துல போயி மேட்ல பயிற்சி எடுக்க எதாவது வழி உண்டான்னு கேக்கப் போறேன். ஷூவுக்குக் காசு பிரிக்கிறோம், பசங்ககிட்ட வாங்க மாட்டோம், பழைய பிளேயருங்க நாங்க பாத்துக்கிறோம், ஆளாளுக்கு கால் சைஸ் மட்டும் கேப்டன்கிட்ட சொல்லிருங்க. அதுவரைக்கும் மணல்ல கயிறு கட்டி போனஸ் கோடு போடுவோம், பின்னங்கால் அந்தக் கயித்துல உரசுனா அந்த ரெய்டு செல்லாது.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு எல்லாரும் கிரவுண்டுக்கு வந்துருங்க. குட்டி, நீ நாலரைக்கே வா, கயிறு கட்ட எனக்கு ஒரு ஆள் வேணும்.