மறுசமர்ப்பிப்புக்கான பதில் கடிதம்: ‘உத்தரமேரூர் சபையின் இரு கல்வெட்டுகள்: விதி எழுதலும் விதி திருத்தலும்’

மதிப்பிற்குரிய இதழாசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் கட்டுரையை இரு மதிப்பாய்வாளர்களும் வரி வரியாகப் படித்திருக்கிறார்கள். அவர்களுக்கு எங்கள் நன்றி. ஒவ்வொரு கருத்தையும் முதலில் தந்து, அதன் கீழே எங்கள் பதிலை எழுதியுள்ளோம். பக்க எண்கள் திருத்திய படியைக் குறிக்கும். மாற்றிய இடங்கள் அதில் மஞ்சள் நிறத்தில் உள்ளன.

மதிப்பாய்வாளர் 1

கருத்து 1.1: “ஊர் மக்கள் வாக்களித்துத் தலைவர்களைத் தேர்ந்தெடுத்தனர் என்று தொடக்கத்திலேயே எழுதியிருப்பது ஏற்கத்தக்கதல்ல. கல்வெட்டில் அப்படி எங்கே இருக்கிறது?”

பதில்: கல்வெட்டில் அப்படி இல்லை. குடும்பு எனப்படும் 30 ஊர்ப் பிரிவுகளிலும் தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுகிறார்கள். எதுவும் அறியாத சிறுவன் ஒருவன் எடுக்கிறான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கிப் படிக்கிறான். வாக்கு எண்ணும் வேலையே இதில் இல்லை. அந்த வாக்கியத்தை நீக்கிவிட்டு, பக்கம் 2-இல் இப்படி எழுதியுள்ளோம்: “தகுதியை விதி தீர்மானித்தது, தகுதியுள்ளோருள் ஒருவரைக் குடவோலை தீர்மானித்தது.”

கருத்து 1.2: “இது பிரமதேயம். நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களின் சபை. ‘மக்களாட்சி’ என்ற சொல் கட்டுரை முழுவதும் வருகிறது.”

பதில்: முழுமையாக ஏற்கிறோம். கால்நிலத்துக்கு மேல் இறைநிலமும் சொந்த மனையில் வீடும் உடையவரே குடவோலைக்கு உரியவர். அரைக்கால் நிலமே உடையவருக்குச் சலுகை உண்டு. அதற்கும் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றிருக்க வேண்டும். உழுதவர்களுக்கும் பெண்களுக்கும் இதில் இடமில்லை. அச்சொல்லை எங்கள் வாதத்திலிருந்து நீக்கிவிட்டோம். முந்தைய ஆய்வுகளைப் பேசும் பக்கம் 4-இல் மட்டும் விட்டுவைத்துள்ளோம். வெளியே நிறுத்தப்பட்டவர்கள் பற்றிய புதிய பகுதி பக்கம் 11-இல் உள்ளது.

கருத்து 1.3: “919, 921 ஆகிய இரண்டு கல்வெட்டுகளையும் தனித்தனியே விவரிப்பது நீளத்தைக் கூட்டுகிறது. ஒரே விதித்தொகுப்பாகச் சுருக்கலாம்.”

பதில்: இதை மட்டும் ஏற்க இயலவில்லை. காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறோம். முதலாம் பராந்தகனின் 12-ஆம் ஆட்சியாண்டில் எழுதிய விதியை அதே சபை 14-ஆம் ஆட்சியாண்டில் மாற்றி எழுதுகிறது. முதலாவதில் வயது 30-க்கு மேல், 60-க்குள். இரண்டாவதில் 35-க்கு மேல், 70-க்குள். தகுதியிழப்புப் பட்டியலும் இரண்டாவதில் மிக விரிகிறது: வாரியம் எனப்படும் சபைக் குழுவில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவர் மட்டுமல்லாமல் அவருடைய உறவினரும் முறை முறையாகப் பெயரிட்டு விலக்கப்படுகிறார்கள். இரண்டையும் ஒன்றாக்கினால் வயது வரம்பு எது என்று எழுதுவது? பிற்காலத்ததை எடுத்தால் மாற்றம் மறைந்துவிடும். இரண்டாண்டுக்குள் ஒரு சபை தன் விதியில் குறை கண்டு திருத்தியது என்பதே எங்கள் கட்டுரையின் உயிர். நீளம் பற்றிய குறை நியாயமானதே. ஆகவே விவரணையை ஒப்பீட்டு அட்டவணையாக மாற்றி (பக்கம் 7) மூன்று பக்கம் குறைத்துள்ளோம்.

மதிப்பாய்வாளர் 2

கருத்து 2.1: “சபை தானாகவே திருத்திக்கொண்டது என்கிறீர்கள். அரச அதிகாரி உடனிருந்ததை ஏன் சொல்லவில்லை?”

பதில்: எங்கள் வாதத்தைத் தொடும் கேள்வி இது. 919-இல் தத்தனூர் மூவேந்தவேளானும், 921-இல் கரஞ்சை கொண்டயக்கிரமவித்த பட்டனாகிய சோமாசிபெருமாளும் அரச ஆணையின்படி உடனிருக்கிறார்கள். அதே சமயம், வியவஸ்தை, அதாவது விதி, செய்தது சபை என்றே இரண்டும் கூறுகின்றன. ‘தானாகவே’ என்பதை நீக்கி, “அரச ஆணையும் சபையின் தீர்மானமும் ஒன்றாகச் செயல்பட்ட திருத்தம்” என்று பக்கம் 9-இல் எழுதியுள்ளோம். அரசன், சபை ஆகிய இரு தரப்பில் யாருடைய கை ஓங்கியிருந்தது என்பதை இவ்விரு கல்வெட்டுகளை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது என்றும் அங்கே சேர்த்துள்ளோம்.

கருத்து 2.2: “சபை உறுப்பினர் தகுதியை வரையறுத்த முதல் கல்வெட்டு இதுதானா? மானூரை மறந்துவிட்டீர்கள்.”

பதில்: திருநெல்வேலிப் பகுதியின் மானூர்க் கல்வெட்டு பாண்டியர் காலத்தது, இதற்கு முந்தியது. ‘முதல்’ என்ற உரிமைகோரலை நீக்கி, மானூர் விதிகளைப் பக்கம் 3-இல் சேர்த்துள்ளோம்.

கருத்து 2.3: “ஏதென்ஸின் குலுக்கல் முறையோடு ஒப்பிட்டால் கட்டுரை வலுப்பெறும்.”

பதில்: நல்ல யோசனை. ஆனால் கிரேக்கச் சான்றுகளை மூலத்தில் படிக்கும் பயிற்சி எங்களுக்கு இல்லை. இரண்டாம் நிலை நூல்களை நம்பி ஒரு பத்தி சேர்க்க விரும்பவில்லை.

கருத்து 2.4: “வாரியங்களின் எண்ணிக்கை இரண்டு இடங்களில் மாறுபடுகிறது. எழுத்துப்பிழைகளும் உள்ளன.”

பதில்: சம்வத்சர வாரியம் 12, தோட்ட வாரியம் 12, ஏரி வாரியம் 6 என எல்லா இடத்திலும் ஒன்றாக்கியுள்ளோம். பொன் வாரியமும் பஞ்சவார வாரியமும் தனியே ஆறாறு பேர் என்பது அட்டவணையில் உள்ளது. பிழைகள் திருத்தப்பட்டன.

திருத்திய கட்டுரை, மாற்றங்கள் குறித்த படி, அட்டவணை ஆகிய மூன்று கோப்புகளையும் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
கட்டுரையாசிரியர்கள்