மாடித்தோட்டம்: ஆடி முதல் சித்திரை வரை (வீடியோ ஸ்கிரிப்ட்)

இடம்: மதுரை கோ.புதூரில் ஒரு வீட்டு மொட்டை மாடி. பின்னணி இசை குறைவாக, தண்ணீர்ச் சத்தமும் காக்கைச் சத்தமும் அப்படியே கேட்கட்டும்.

காட்சி 1: வெறும் மாடி, காலை வெயில்

குரல்: வணக்கம். "மாடியில என்ன காய் வைக்கலாம்?"னு நிறைய பேர் கேக்குறாங்க. நான் முதல்ல, இது எந்த மாசம்னு கேப்பேன். பட்டம் பார்த்து விதைச்சா பாதி வேலை முடிஞ்சிடும். பட்டம் தப்பினா எவ்வளவு உரம் போட்டாலும் செடி ஏங்கித்தான் நிக்கும்.

காட்சி 2: ஆடி. மண் கலவை

குளோசப்: பக்கெட்டில் தென்னைநார்க் கட்டி தண்ணீர் குடித்து உப்புகிறது. அதைப் பிழியும் கை.

குரல்: செம்மண், ஊறவச்ச தென்னைநார்த் துகள், மண்புழு உரம், மூணும் ஒரு பங்கு ஒரு பங்கு. கூட ரெண்டு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு. தென்னைநாரை ரெண்டு தடவை அலசிப் பிழியுங்க, அதுல இருக்கற உப்பு இறங்கணும். வெறும் மண்ணை மட்டும் ரொப்பாதீங்க. தண்ணி விட விட இறுகிடும், மாடிக்கும் பாரம். இந்தக் கலவையே 12 அங்குலப் பையில நனைஞ்சா 15 கிலோ பக்கம் வரும். அதனால பைகளை மாடி நடுவுல குவிக்காம, கீழே சுவர் போற ஓரமா வரிசையா வைங்க. ஒவ்வொரு பைக்கும் அடியில ரெண்டு செங்கல்.

குளோசப்: கைக்கரண்டி கலவையை அள்ளுகிறது. பையின் மேல் விளிம்பில் ரெண்டு அங்குலம் காலி. குழித்தட்டில் குச்சியால் குழி, அதில் ஒவ்வொரு கத்தரி விதை.

குரல்: கத்தரி, தக்காளி, மிளகாய் மூணும் குழித்தட்டுல நாற்று விட்டு, ஒரு மாசம் கழிச்சு பைக்கு மாத்தணும். வெண்டையும் அவரையும் நேரா பையிலயே, அரை அங்குல ஆழத்துல. நாற்றுக்கு வாளியால தண்ணி ஊத்தாதீங்க, பூவாளிதான்.

குளோசப்: பூவாளி முனையிலிருந்து மெல்லிய தூறல்.

டைம்லாப்ஸ் 1: வெண்டை முளை. கேமரா ஸ்டாண்டின் கால்களைச் சுற்றிச் சாக்பீஸ் கோடு. காலை 6 முதல் மாலை 6 வரை 10 நிமிடத்துக்கு ஒரு படம், 5 நாள். மொத்தம் 360 படம், திரையில் 15 வினாடி. குரல் வேண்டாம். மண் விரியுறதையும் விதையிலை தலை தூக்குறதையும் பார்ப்பவர் நிம்மதியாகப் பார்க்கட்டும்.

காட்சி 3: ஐப்பசி. அடைமழை

குளோசப்: பையின் அடித்துளை. உள்ளே வேர் அடைத்திருக்கிறது. கம்பி நுழைகிறது, பழுப்புத் தண்ணீர் பீறிடுகிறது.

குரல்: மாடியில செடி காய்ஞ்சு சாகறதைவிட, வேர் அழுகிச் சாகறதுதான் அதிகம். மழை விட்டதும் முதல் வேலை இந்தத் துளையைக் குத்தி விடறது. மழை உரத்தையும் கரைச்சுட்டுப் போயிடும், அதனால வெயில் வந்ததும் பைக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம். தக்காளித் தண்டைப் பழைய வேட்டிக் கிழிசலால குச்சியோட கட்டுங்க. சணல் கயிறு தண்டை அறுக்கும்.

டைம்லாப்ஸ் 2: பாகல் கொடியின் பற்றுக்கம்பி கயிற்றைத் தேடிப் பிடித்துச் சுருள்வது. நிமிடத்துக்கு ஒரு படம், 4 மணி நேரம். காற்றில்லாத நாளாகப் பார்த்து எடுக்கவும்.

குரல்: பாகல்ல பூ நிறைய, காய் இல்லையா? பூவுக்குப் பின்னாடி பாருங்க. குட்டிக் காய் மாதிரி இருந்தா பெண் பூ. காலையில ஆண் பூவைப் பறிச்சு, இதழை நீக்கி, மகரந்தத்தைப் பெண் பூ நடுவுல மெதுவா தடவுங்க. உயரமான மாடிக்குத் தேனீ குறைவாத்தான் வரும், அந்த வேலையை நாமதான் பார்க்கணும்.

காட்சி 4: மார்கழி, தை

குரல்: ஆடியில போட்ட கொடி அவரை இவ்வளவு நாளா இலையாவே இருந்துச்சே, பொறுமை இழந்து பிடுங்கிடாதீங்க. பகல் குறைஞ்சு பனி இறங்கினப்புறம்தான் அது பூக்கும்.

குளோசப்: அவரைக் கொழுந்தில் கறுப்பு அசுவினி. தெளிப்பான் முனை.

குரல்: ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரையறதுக்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல். சாயங்காலம் மட்டும் தெளிங்க, இலைக்கு அடியிலயும். காலியான பையில முள்ளங்கி விதைச்சுடுங்க. இந்தக் குளிர் அதுக்கு ரொம்பப் பிடிக்கும்.

டைம்லாப்ஸ் 3: அவரைப் பூங்கொத்து காயாகும் வரை, தினமும் காலை அதே நேரம் ஒரே ஒரு படம்.

காட்சி 5: சித்திரை

குளோசப்: பச்சை நிழல்வலை கம்பியில் இழுத்துக் கட்டப்படுகிறது. பை மேல் காய்ந்த சருகு மூடாக்கு.

குரல்: 50 சதவீத நிழல்வலை போதும். ராத்திரியும் சூடு இறங்கலைன்னா தக்காளி பூவை உதிர்த்துடும், அதுக்காக உரத்தைக் கூட்டாதீங்க. வெண்டையும் கொத்தவரையும் இந்த வெயிலைத் தாங்கும். காய்ப்பு ஓய்ஞ்ச பைகளைக் கொட்டி, மண்ணை மாடியிலயே பரப்பி நல்லா காய விடுங்க. பழைய வேரைப் பொறுக்கிட்டு, கால் பங்கு புது மண்புழு உரம் சேர்த்துத் திரும்ப ரொப்புங்க. மண்ணை வீசவேண்டிய அவசியமே இல்லை.

திரையில் எழுத்து: உங்க மாடியில இப்போ எந்தச் செடி, எந்த மாசம் விதைச்சீங்கன்னு கமென்ட்ல எழுதுங்க.