இணையப் பாதுகாப்பு மன்றத் தொடக்க விழா வரவேற்புரை

மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் அவர்களே, கணினி அறிவியல் துறைத் தலைவர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, எங்கள் அழைப்பை ஏற்று வந்திருக்கும் பெற்றோர்களே, காரைக்குடிக் கடைத்தெரு வணிகர்களே, மாணவ நண்பர்களே! நம் கல்லூரியின் இணையப் பாதுகாப்பு மன்றத் தொடக்க விழாவுக்கு உங்கள் அனைவரையும் இறுதியாண்டு மாணவர்கள் சார்பில் வருக வருக என வரவேற்கிறேன்.

குத்துவிளக்குக்குப் பக்கத்தில் ஒரு பூட்டு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பள்ளத்தூரில் எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் தொங்கிய பூட்டு அது. இதில் சாவித் துவாரம் வெளியே தெரியாது. பித்தளைப் பூ ஒன்றைச் சற்று அழுத்தித் திருப்பினால்தான் அது விலகித் துவாரத்தைக் காட்டும். அந்த இரகசியத்தை எங்கள் ஐயா பெருமையோடு காத்துவந்தார். ஆனால் கோடை விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகள் நாங்கள் மூன்றே நாளில் அதைக் கண்டுபிடித்துவிட்டோம். அப்படியும் பெட்டி திறக்கவில்லை, ஏனென்றால் சாவி ஐயாவின் இடுப்பில் இருந்தது. பூட்டின் அமைப்பு எதிரிக்குத் தெரிந்துவிட்டாலும் சாவி கைக்குப் போகாதவரை அது உடையக் கூடாது என்று, சங்கேத எழுத்து முறைகளைப் பற்றி கெர்க்காஃப்ஸ் என்பவர் 1883இல் எழுதினார். இன்று நம் கைப்பேசிச் செய்திகளைக் காக்கும் குறியாக்க முறைகள் யாரும் படித்துப் பார்க்கும்படி வெளிப்படையாக இருப்பதும் அதனால்தான்.

துவாரம் மறைந்திருக்கிறது என்று நம்பிச் சாவியைக் கொடுத்துவிடுவதே நம் ஊரில் நடக்கும் பெரும்பாலான ஏமாற்றங்களின் கதை. எங்கள் அப்பத்தாவுக்கு ஒரு நாள், 'இன்றிரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்' என்று குறுஞ்செய்தி வந்தது. பிள்ளைகள் சிங்கப்பூரில் இருக்க, பதினாறு அறைகள் கொண்ட வீட்டில் வாழும் அவருக்கு இருட்டைவிடப் பெரிய பயம் வேறில்லை. செய்தியில் இருந்த எண்ணை அழைத்தார். மறுமுனையில் பேசியவர் சொன்ன செயலியைப் பதிவிறக்கினார். தன் திரை முழுவதும் அந்த ஆளுக்குத் தெரிகிறது என்பதை அறியாமலேயே யூபிஐ பின் எண்ணையும் தட்டினார். 18,000 ரூபாய் போயிற்று. அதைவிட எனக்கு வலித்தது, 1930 என்ற உதவி எண்ணை நாங்கள் மறுநாள் மதியம்தான் அழைத்தோம் என்பது. விரைவாகப் புகார் செய்தால் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் முடக்கிவைக்க வாய்ப்பு அதிகம். கணினி அறிவியல் படிக்கும் நானே அந்த எண்ணை அன்றுதான் தேடிப் படித்தேன்.

ஆகவே, மன்றத்தின் முதல் வேலை நம் வீடுகளில்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை தொடங்கி, பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோட்டையூர் ஆகிய ஊர்களில் தனியாக இருக்கும் முதியவர்களின் வீடுகளுக்கு, அவர்களது உறவினர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, இருவர் இருவராகச் செல்வோம். இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை இயக்கித் தருவோம், தொலைபேசிக்கு மேலே 1930 என்று பெரிதாக எழுதி ஒட்டுவோம், பணம் பெற யூபிஐ பின் எண் தேவையே இல்லை என்பதைச் செய்து காட்டுவோம். அவர்களுடைய கடவுச்சொல்லையோ ஓடிபியையோ நாம் கேட்கவும் மாட்டோம், அவர்களே சொல்ல வந்தாலும் காதில் வாங்க மாட்டோம். கடைகளில் கியூஆர் அட்டைமேல் வேறொருவரின் அட்டை ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும் பணியை இரண்டாமாண்டு மாணவர்கள் ஏற்றிருக்கிறார்கள்.

சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு இரண்டாம் கணினி ஆய்வகத்தில் பயிற்சி வகுப்பு நடக்கும். லினக்ஸ் தெரியாதவர்களும் தயங்காமல் வரலாம். கற்பதற்கென்றே திறந்துவைக்கப்பட்டுள்ள பயிற்சிக் கணினிக்குள் நுழைய, திரையில் தெரியும் இந்த ஒரு வரியிலிருந்து தொடங்குவோம்:

```
ssh bandit0@bandit.labs.overthewire.org -p 2220
```

ஒவ்வொரு நிலையிலும் அடுத்த நிலைக்கான கடவுச்சொல் ஒளிந்திருக்கும். முதல் மாதத்தில் பத்து நிலைகளைக் கடந்தால் போதும்.

அறிவிப்புப் பலகையில் சுவரொட்டி ஒட்டிய அன்றே, ஒருவரது இன்ஸ்டாகிராம் கணக்கை உடைத்துத் தர முடியுமா என்று மூன்று பேர் தனித்தனியாக வந்து கேட்டார்கள். அவர்கள் இந்த அரங்கிலும் இருக்கக்கூடும், வருக. ஆனால் அனுமதியின்றிப் பிறர் கணக்கிலோ கணினியிலோ நேர்மையற்ற நோக்கத்தோடு நுழைவது, தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, 5 இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கத்தக்க குற்றம். நம் கல்லூரி வலைத்தளத்தில் ஓட்டை கண்டால்கூட, துறைத் தலைவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் மன்றத்தினர் எவரும் சோதித்துப் பார்க்கக் கூடாது என்பது நம் முதல் விதி.

உறுப்பினர் பதிவேடு வாயிலருகே இருக்கிறது. எந்தத் துறையினரும் பெயர் எழுதலாம். விழா முடிந்ததும் இந்தப் பூட்டைத் திறந்து பார்க்க விரும்புகிறவர்கள் மேடைக்கு வரலாம். அதன் அடியில் ஐயா கையெழுத்திட்டுத் தந்த அனுமதிக் கடிதம் இருக்கிறது. முதலில் அதைப் படித்துவிட்டுப் பூட்டைத் தொடுங்கள். நன்றி, வணக்கம்.