முட்டுச்சந்து

இரவு இரண்டரை மணி. ஸ்டேஷன் வாசலில் ஏறிய பெரியவரிடம் முகவரி இல்லை.

"மூணு படி வெச்ச வீடு. பக்கத்துல அச்சுக்கூடம், ராத்திரி முழுக்க மிஷின் சத்தம் கேட்கும். அவ்வளவுதான் தம்பி ஞாபகம்."

"அச்சுக்கூடம் மூடி ரொம்ப வருஷமாச்சுங்க. ஆனா சந்து இருக்கு."

மேம்பாலம் ஏறாமல் மார்க்கெட்டின் பின்பக்கம் திரும்பினேன். மூன்று மணிக்கு மேல்தான் அங்கே சரக்கு லாரிகள் அடைத்துக்கொள்ளும். மேப் அந்தச் சந்தை முட்டுச்சந்து என்றுதான் காட்டும். முட்டுவது உண்மைதான், ஆனால் முட்டும் இடத்தில் இடதுபுறம் ஒரு கார் நுழையலாம். பக்கக் கண்ணாடிகள் இரண்டையும் மடக்கினேன். சுவருக்கும் கதவுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. கிளட்சை விட்டும் பிடித்தும் முதல் கியரிலேயே நகர்ந்தேன். படுத்திருந்த நாய் குரைக்காமல் எழுந்து வழிவிட்டது. என் வண்டிச் சத்தம் அதற்குப் பழக்கம்.

சந்து முடிந்ததும் ஹெட்லைட்டை அணைத்தேன். எதிரே மூன்று படிகள். நடுப்படியின் விளிம்பு உடைந்திருந்தது.

பெரியவர் இறங்கவில்லை. மாடியையே பார்த்தார்.

"லைட் எரியுது தம்பி. அக்கா இன்னும் தூங்கல."

மீட்டரை நிறுத்திவிட்டு, அவர் பெட்டியை எடுக்க இறங்கினேன்.