ஞாயிறு, இரவு 10.40

200-க்கு 115. மார்க்காகப் பார்த்தால் 300-க்கு 172.5. இன்ஸ்டிடியூட்டில் வைத்த கட்-ஆஃப் 160 கேள்வி. குரூப் 4-க்கு இது என்னுடைய நாலாவது மாக் டெஸ்ட். போன தடவை 118. மூணு மாசமாகப் படித்து மூணு கேள்வி கீழே இறங்கியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் பை கூட இறக்கவில்லை, ஆயா கேட்டது, "இன்னாடி, மூஞ்சி தொங்கிக்கினு கீது?" பரீட்சை சரியில்ல ஆயா என்றேன். "சோறு துன்னு, அப்பால அழு" என்றது. சாப்பிட்டேன். அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

எரிச்சல் ஒரே ஒரு கேள்வியால். சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கிய ஆண்டு. நான் 1920-ஐக் கருப்பாக்கிவிட்டு வந்திருக்கிறேன். புளியந்தோப்பில் பிறந்து, தாத்தா பின்னி மில்லில் தறி ஓட்டிய வீட்டில் வளர்ந்து, அந்த மில் ஆட்களுக்காக ஆரம்பித்த சங்கத்தின் வருஷம் தெரியவில்லை! ஆயாவிடம் சொன்னால் செருப்பு வரும். 1918, பி.பி. வாடியா. 1920 என்பது ஏ.ஐ.டி.யு.சி. என்கிற அகில இந்தியத் தொழிற்சங்கம் தொடங்கிய வருஷம். சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியது 1923.

இந்த மூணுமே என் நோட்டில் இருக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சல். மூணாவது லாங் சைஸ் நோட்டு, பச்சை ஸ்கெட்ச்சில் தலைப்பு, கட்டம் கட்டி, ஹைலைட்டர் போட்டு. சமச்சீர் புத்தகத்தில் இருப்பதை வரி மாறாமல் எழுதியிருக்கிறேன். ஆறு நோட்டு, ஒவ்வொன்றும் 192 பக்கம். பார்த்தவர்கள் எல்லாம் 'கையெழுத்து முத்து முத்தா இருக்கு' என்றார்கள். எழுதும்போது கை வேலை செய்தது, மண்டை சும்மா இருந்தது.

சாயங்காலம் உட்கார்ந்து தப்பான 85-ஐயும் பிரித்தேன். கணக்கில் 12, நேரம் போதாமல் வாசிக்காமலே 'விடை தெரியவில்லை' என்கிற E போட்டது. அது நோட்ஸ் பிரச்சினை இல்லை. மிச்சம் 73-ல், நான் படிக்கவே படிக்காத பாடத்திலிருந்து 19. கேள்வியை அவசரமாகப் படித்து விட்டது 13. "தவறானதைத் தேர்ந்தெடு" என்பதில் 'தவறான' கண்ணில் படாமல் போனதே ஐந்து. மீதி 41, என் நோட்டிலேயே அழகாக எழுதி வைத்தது. 41!

அதனால் நோட்டைக் கிழித்துப் போட்டு முதலிலிருந்து எழுதப் போவதில்லை. அப்படிச் செய்தால் இன்னும் மூணு மாசம் போகும், புது ஸ்கெட்ச் பேனா வாங்கும் ஆசையில் ஏதாவது ஆரம்பித்துவிடுவேன். பழைய ஆறும் அலமாரியிலேயே இருக்கட்டும், பார்த்துச் சரிபார்க்க. புதுசு ஒரே ஒரு நோட்டு. இடது பக்கம் கேள்வி மட்டும், என் வார்த்தையில். வலது பக்கம் பதில், அதுவும் நோட்டை மூடிவிட்டு ஞாபகத்திலிருந்து. வராவிட்டால் காலியாக விட்டு, பிறகு சிவப்பில் நிரப்புவேன். சிவப்பு நிறைய இருக்கிற பக்கத்தைத்தான் ராத்திரி திரும்பப் பார்க்கணும்.

குழம்புகிறவற்றைத் தனித்தனியாக எழுதக் கூடாது, ஒரே பக்கத்தில் மோத விடணும். அரசியலமைப்பின் 73-வது திருத்தம் ஊராட்சி, 11-வது அட்டவணை, 29 பொருள். 74-வது நகராட்சி, 12-வது அட்டவணை, 18 பொருள். பழைய நோட்டில் இவை இரண்டுக்கும் நடுவே நாலு பக்கம் இடைவெளி. பரீட்சையில் நாலு ஆப்ஷனாகப் பக்கத்தில் பக்கத்தில்தானே நிற்கின்றன.

இலக்கணம் மட்டும் வேறு மாதிரி. 'ஊறுகாய்' பண்புத்தொகை என்று போட்டேன். ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என்று மூணு காலத்தையும் சொல்லிப் பார்த்திருந்தால் வினைத்தொகை என்று தெரிந்திருக்கும். விதியை எழுதி வைத்து உபயோகமில்லை. சமையலறையில் ஜாடியைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லிப் பார்க்கிற மாதிரி பத்து உதாரணம் வைத்துக்கொள்ளணும்.

அந்த 19 புதுப் பாடத்தை இந்த வாரம் தொடவே மாட்டேன். முதலில் 41. ஒரு நாளைக்கு ஏழு என்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியும், அன்றைக்குத்தான் அடுத்த டெஸ்ட்.

முதல் பக்கத்தில் எழுதியாச்சு: 'தாத்தா மில்லுக்குச் சங்கம் எப்போ வந்துச்சு? யாரு ஆரம்பிச்சது?' வலது பக்கம் இன்னும் காலி. காலையில் தண்ணீர் பிடித்துவிட்டு வந்து எழுதுகிறேன். நாளைக்கு அடி பம்பில் என் முறை, நாலரைக்கு எழுந்திருக்கணும்.