மஸ்கெலியாவிலிருந்து நெத்தலி வரை

வணக்கம் டீச்சர், வணக்கம் நண்பர்களே. மலையில் இருந்துகொண்டு கடலைப் பற்றி என்ன பேச்சு என்கிறீர்களா? நம் ஓயாவில் வீசிய லஞ்ச் ஷீட், அணைக்கட்டில் சிக்காவிட்டால், களனி கங்கை வழியாகக் கொழும்புக் கடலைச் சேரும். வெயிலும் அலையும் அதை நொறுக்கும். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்தவைதான் நுண்பிளாஸ்டிக்.

சரி, அடுத்த படம். இந்தக் குட்டி உயிரி கோபிபாட், விலங்கு மிதவையுயிரி. நுண்பாசியோடு பிளாஸ்டிக்கையும் விழுங்குகிறது. வயிறு நிறையும், சத்து சேராது. அதை நெத்தலி தின்னும். நெத்தலியைப் பெரிய மீன். நீரில் மிதக்கும் துகளை மீன்கள் நேரடியாகவும் விழுங்குவதுண்டு.

துகள்கள் பெரும்பாலும் குடலில்தான் தங்கும். பெரிய மீனின் குடலை எடுத்துவிடுகிறோம். லயத்து அடுப்பில் வதக்கும் நெத்தலிக் கருவாட்டை? பெரும்பாலும் குடலோடுதான்.

2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது கரையில் குவிந்த வெள்ளை பிளாஸ்டிக் மணிகளும் நுண்பிளாஸ்டிக் வகைதான்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.